தலைப்பில் ஜூன் 30, கணக்கில் ஜூலை 19

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. காலை மீட்டிங் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் முன்னால் நான் ஜூலை 1 அன்று அச்சடித்துக் கொடுத்த தாள் இருந்தது. பக்கத்தில் லேப்டாப்பில், அதே நாளில் நான் மெயிலில் அனுப்பிய எக்செல் பைல் திறந்திருந்தது.

"என்னங்க இது, நீங்க குடுத்த பேப்பர்ல தொண்ணூறு நாளுக்கு மேல பாக்கியே இல்ல. பைல்ல அறுபத்தி நாலாயிரம் நிக்குது. எதை நம்புறது?"

இரண்டிலும் தலைப்பு ஒன்றுதான்: "30-06-2024 நிலவரப்படி நிலுவைப் பட்டியல்". மொத்தத் தொகையும் ஒன்றுதான். நடுவில் இருந்த எண்கள் மட்டும் கட்டம் மாறி உட்கார்ந்திருந்தன. யாரோ பைலைத் திறந்து கை வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைச் சொல்லியும் விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பைலை யாரும் தொடவே இல்லை.

அது ஏஜிங் ரிப்போர்ட். எந்தெந்த பில் எத்தனை நாளாகப் பணம் வராமல் நிற்கிறது என்று 0-30, 31-60, 61-90, 90-க்கு மேல் என நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டும். நிஜப் பைலில் நிறைய வரிகள் இருந்தன. விஷயம் புரிய நான்கு பில் போதும். ஏப்ரல் 3 தேதியிட்ட பில் 64,000. மே 6 பில் 40,000. ஜூன் 1 பில் 18,000. ஜூன் 10 பில் 25,000. B பத்தியில் பில் தேதி, C-யில் தொகை, D-யில் வயது. D-யில் நான் எழுதியிருந்தது இதுதான்:

```
=TODAY()-B5
```

ஜூன் 30 அன்று இந்த நான்கின் வயது முறையே 88, 55, 29, 20 நாட்கள். ஆக 0-30 கட்டத்தில் 43,000, அடுத்ததில் 40,000, அதற்கடுத்ததில் 64,000, 90-க்கு மேல் எதுவுமில்லை. ஜூலை 19 அன்று அதே பில்களுக்கு 19 நாள் கூடிவிட்டது: 107, 74, 48, 39. இப்போது 0-30 காலி. 43,000 இரண்டாம் கட்டத்துக்கும், 40,000 மூன்றாம் கட்டத்துக்கும், 64,000 கடைசிக் கட்டத்துக்கும் போய்விட்டன. எல்லா எண்களும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்த மாதிரி. மொத்தம் மட்டும் 1,47,000-ஆக அப்படியே நின்றது. இந்தத் தவறு இத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்ததற்கு அந்த மொத்தம்தான் காரணம். நாம் முதலில் மொத்தம் டேலி ஆகிறதா என்றுதானே பார்ப்போம்? அது எப்போதும் டேலி ஆகும். பில் தொகைக்கும் தேதிக்கும் சம்பந்தமில்லை.

என் இடத்துக்குத் திரும்பி, பக்கத்து மேசைத் தோழியின் கணினியில் அந்த மெயிலைத் திறக்கச் சொன்னேன். அவரும் ஜூலை 1 மெயிலில் இருந்தவர்தான், ஆனால் இணைப்பை அதுவரை திறக்கவில்லை. திறந்தார். மேலே மஞ்சள் பட்டையில் `PROTECTED VIEW` என்று இருந்தது. ஏப்ரல் 3 பில்லுக்கு எதிரே 89. 90-க்கு மேல் கட்டம் காலி. தாளில் இருந்தது அப்படியே.

"சரியாத்தானே இருக்கு" என்றபடியே பழக்கத்தில் `Enable Editing` பட்டனை அழுத்தினார். அவ்வளவுதான். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 89 என்பது 107 ஆனது. கடைசிக் கட்டத்தில் 64,000 வந்து நின்றது. பில் பட்டியலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மூடப் போனால், சேமிக்கட்டுமா என்று எக்செல் கேட்டது. நாங்கள் எதையுமே மாற்றவில்லையே, எதைச் சேமிக்க?

அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு முழுக் கதையும் பிடிபட்டது.

எக்செல் பைலில் ஃபார்முலா உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு விஷயங்கள் சேமிக்கப்படுகின்றன. ஒன்று ஃபார்முலா. இன்னொன்று, கடைசியாகக் கணக்குப் போட்டபோது வந்த விடை. Protected View-இல் எக்செல் புதிதாகக் கணக்குப் போடுவதில்லை, பழைய விடையைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதனால் தோழியின் திரையில் நான் ஜூலை 1 அன்று சேமித்த 89 தெரிந்தது. எடிட் செய்ய அனுமதித்ததும் கணக்கு ஓடியது, 107 வந்தது. மேலாளரும் காலையில் இதே பட்டனைத்தான் அழுத்தியிருக்கிறார். ஒரே பைல் ஒருவருக்கு ஒன்றும் இன்னொருவருக்கு வேறொன்றும் காட்டுகிறது என்று யாராவது சொன்னால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: இருவரில் யாராவது Protected View-இலோ போன் பிரிவ்யூவிலோ பார்க்கிறார்களா என்று.

சரி, மற்ற ஃபார்முலாக்கள் இப்படி ஆடுவதில்லையே, TODAY மட்டும் ஏன்? சாதாரண ஃபார்முலாவுக்கு உள்ளீடு இருக்கும். `=C5+C6` என்றால் C5 அல்லது C6 மாறும்போது மட்டும் எக்செல் அதைத் திரும்பப் போடும். இரண்டும் மாறாதவரை பழைய விடையே போதும் என்று அதற்குத் தெரியும். TODAY-க்கு அடைப்புக்குறிக்குள் எதுவுமே இல்லை. அது பார்ப்பது ஷீட்டில் உள்ள எந்தச் செல்லையும் அல்ல, கணினியின் கடிகாரத்தை. கடிகாரம் மாறியதா இல்லையா என்று ஷீட்டுக்குள் இருந்து தெரிந்துகொள்ள வழி கிடையாது. அதனால் எப்போதெல்லாம் கணக்கு ஓடுகிறதோ அப்போதெல்லாம் TODAY-யையும், அதை நம்பியிருக்கும் எல்லாச் செல்களையும் எக்செல் புதிதாகப் போட்டுவிடுகிறது. இப்படிப்பட்டவற்றை வோலடைல் ஃபங்ஷன் என்பார்கள். NOW, RAND, OFFSET, INDIRECT ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். பைலைத் திறப்பதும் கணக்கு ஓடும் ஒரு தருணம். எதையும் தொடாமலே சேமிக்கட்டுமா என்று கேட்டதன் காரணமும் அதுவே. நம் கண்ணோட்டத்தில் நாம் எதையும் மாற்றவில்லை, எக்செல்லின் கண்ணோட்டத்தில் விடைகள் மாறிவிட்டன.

இங்கே இன்னொரு சின்ன விஷயம். TODAY ஒன்றும் நள்ளிரவில் தானாக டிக் என்று அடுத்த நாளுக்குத் தாவுவதில்லை. பைலைத் திறந்தே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், காலையில் நேற்றைய தேதிதான் நிற்கும். ஏதாவது ஒரு செல்லில் தட்டச்சு செய்தாலோ F9 அழுத்தினாலோதான் மாறும். "எனக்கு மாறவே இல்லையே" என்று வாதாடுபவர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

என் பைலில் உண்மையான கோளாறு என்ன என்பது அன்று மாலைதான் உறைத்தது. தலைப்பில் "30-06-2024" என்பதை நான் கையால் தட்டியிருந்தேன். வயதை TODAY கணக்கிட்டது. தலைப்பு நின்றது, எண்கள் நகர்ந்தன. தலைப்பிலும் TODAY இருந்திருந்தால்கூட, தேதி ஜூலை 19 என்று காட்டியிருக்கும், மேலாளர் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பார். பாதி நிலையானது பாதி நகர்வது என்ற கலவைதான் மோசம்.

முதலில் நான் செய்த வைத்தியம் தப்பானது. `Formulas` தாவலில் `Calculation Options` என்று ஒன்று இருக்கிறது, அதை `Manual` ஆக்கினால் எக்செல் தானாகக் கணக்குப் போடாது என்று எங்கோ படித்திருந்தேன். மாற்றினேன், திறந்து திறந்து பார்த்தேன், எண்கள் அசையவில்லை. அப்பாடா என்று அனுப்பிவிட்டேன். மறுநாளே மேலாளரின் கணினியில் எண்கள் மறுபடி மாறின. காரணம், இந்த அமைப்பு நாம் நினைப்பது போல அந்தந்தப் பைலைக் கட்டுப்படுத்துவதில்லை. எக்செல்லைத் திறந்ததும் முதலில் எந்தப் பைல் வருகிறதோ அதன் அமைப்பைத்தான் எக்செல் எடுத்துக்கொள்ளும், அதன்பின் திறக்கும் எல்லாப் பைலுக்கும் அதுவே பொருந்தும். அவர் வேறொரு பைலை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார், அது ஆட்டோமேட்டிக். என் பக்கம் நிலைமை தலைகீழ். காலையில் இந்தப் பைலைத்தான் முதலில் திறப்பேன். அதனால் அன்றைக்குத் திறந்த மற்றப் பைல்களும் மேனுவல் ஆகிவிட்டன. வேறொரு பட்டியலில் புதிதாக இரண்டு வரிகள் சேர்த்தேன், கூட்டல் பழைய எண்ணிலேயே நின்றது. கீழே ஸ்டேட்டஸ் பாரில் `Calculate` என்ற சொல் நின்றதை நான் கவனிக்கவே இல்லை. போதாததற்கு, மேனுவலில் இருந்தாலும் சேமிக்கும்போது கணக்குப் போடு என்ற டிக் ஆப்ஷன்களில் தனியாக இருக்கிறது. அது இருந்தால் Ctrl+S அழுத்தியதும் TODAY புதுப்பித்துக்கொள்ளும். தேதியை உறைய வைக்க இந்த வழி வேண்டவே வேண்டாம்.

அடுத்து யோசித்தது, TODAY இருக்கும் இடத்தை மதிப்பாக மாற்றிவிடுவது. இதற்குப் பல வழி உண்டு, எல்லாமே வேலை செய்யும். செல்லில் நின்று Ctrl+; அழுத்தினால் அன்றைய தேதி வெறும் மதிப்பாக விழும், ஃபார்முலா இல்லை, அது அதன்பின் மாறவே மாறாது. ஏற்கெனவே `=TODAY()` இருக்கும் செல் என்றால் F2, பிறகு F9, பிறகு Enter. F9 அழுத்தியதும் ஃபார்முலா இருந்த இடத்தில் 45474 போல ஒரு எண் தெரியும், பயப்பட வேண்டாம். எக்செல்லுக்குத் தேதி என்றாலே எண்தான். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது. Enter தட்டியதும் தேதியாகவே காட்டும். நிறைய செல்கள் என்றால் காப்பி செய்து, Ctrl+Alt+V அழுத்தி, அதில் `Values` தேர்ந்தெடுத்து அதே இடத்தில் ஒட்டலாம்.

இதை D பத்தி முழுக்கச் செய்தேன். எண்கள் உறைந்தன. ஆனால் மேலாளர் 88 மேல் சொடுக்கி, "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டபோது ஃபார்முலா பாரில் 88 என்று மட்டும்தான் இருந்தது. சரிபார்க்க வழியில்லாத எண். எந்தத் தேதியிலிருந்து கழித்தோம் என்பதே பைலில் இல்லாமல் போய்விட்டது.

அப்போதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. அந்த 88-ஐ நான் கையால் கணக்கிட்டிருந்தேன். ஜூலை 1 அன்று பைல் காட்டியதும் தாளில் அச்சானதும் 89. தலைப்பில் ஜூன் 30 என்று போட்டுவிட்டு, வயதை ஜூலை 1-லிருந்து கணக்கிட்டிருக்கிறேன். ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை, திங்கள்கிழமைதான் ரிப்போர்ட் தயாரித்தேன். அதாவது அந்தத் தாளே முதல் நாளிலிருந்து ஒரு நாள் தப்பு. ஜூன் 1 பில்லின் வயது 30 ஆகி, 0-30 கட்டத்தின் விளிம்பில் நின்றது. செவ்வாய்க்கிழமை தயாரித்திருந்தால் அது 31 ஆகி அடுத்த கட்டத்துக்கு விழுந்திருக்கும். கட்டங்கள் சரியாக வந்தது வெறும் அதிர்ஷ்டம்.

ஆக, இன்றைய தேதியை எப்படி உறைய வைப்பது என்று நான் தேடிக்கொண்டிருந்ததே தப்பான இடம். இந்த ரிப்போர்ட்டுக்கு இன்றைய தேதி தேவையே இல்லை. அதற்கு வேண்டியது நிலவரத் தேதி: எந்த நாளின் நிலைமையைக் காட்டுகிறோம் என்பது. அதை எந்த ஃபங்ஷனும் ஊகித்துச் சொல்ல முடியாது, தயாரிப்பவர்தான் சொல்ல வேண்டும். தயாரித்த நாள் என்பது வேறு. அச்சடித்த நாள் இன்னும் வேறு. நான் மூன்றையும் ஒரே TODAY-இல் திணித்திருந்தேன்.

இப்போது நான் செய்வது இப்படி. முதல் ஷீட்டில் மேலே B1 செல் நிலவரத் தேதிக்கு. அந்தச் செல்லில் நின்று, ஃபார்முலா பாருக்கு இடப்பக்கம் செல்லின் முகவரி தெரியும் சின்னப் பெட்டியில் `AsOf` என்று தட்டி Enter அடித்தால் செல்லுக்கு அந்தப் பெயர் வந்துவிடும். அந்தச் செல்லில் 30-Jun-2024 என்று கையால் தட்டுகிறேன். Ctrl+; இங்கே உதவாது, அது தயாரித்த நாளைத்தான் போடும். மாதத்தை எழுத்தில் தட்டுவது ஏன் என்றால், 06/07/2024 என்று தட்டினால் கணினியின் அமைப்பைப் பொறுத்து அது ஜூலை 6 ஆகவும் எடுக்கப்படலாம், ஜூன் 7 ஆகவும் எடுக்கப்படலாம். தட்டியது உண்மையிலேயே தேதியாக ஏறியதா என்று பார்க்க, செல் ஃபார்மட்டை ஒரு நிமிடம் `General` ஆக்குவேன். 45473 என்று காட்டினால் ஜூன் 30, 2024 சரியாக ஏறியிருக்கிறது. தட்டியபடியே எழுத்தாக நின்றால் அது தேதியே அல்ல, வெறும் சொல்.

D பத்தி இப்போது:

```
=AsOf-B5
```

தலைப்பும் அதே செல்லிலிருந்துதான் வருகிறது. இனி தலைப்பும் எண்ணும் பிரிய முடியாது:

```
=TEXT(AsOf,"dd-mm-yyyy")&" நிலவரப்படி நிலுவைப் பட்டியல்"
```

ஃபார்முலாக்கள் உயிரோடு இருக்கின்றன, யார் சொடுக்கிப் பார்த்தாலும் 88 எப்படி வந்தது என்று தெரிகிறது. AsOf வெறும் மதிப்பு என்பதால் அடுத்த வருடம் திறந்தாலும் 88 தான். ஒவ்வொரு எண்ணையும் உறைய வைப்பதைவிட, எல்லா எண்ணும் சார்ந்திருக்கும் அந்த ஒரு தேதியை மட்டும் உறைய வைப்பது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. அடுத்த மாதம் அந்த ஒரு செல்லை மாற்றினால் போதும்.

சக ஊழியர் ஒருவர், "ஒவ்வொரு மாசமும் எதுக்குத் தட்டணும், போன மாசக் கடைசி நாள் தானா வர்ற மாதிரி ஃபார்முலா இருக்கே" என்றார். அவர் சொன்னது இது:

```
=EOMONTH(TODAY(),-1)
```

ஜூலை முழுக்க இது ஜூன் 30 என்றே காட்டும், அதனால் பிரச்சினை தீர்ந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வரும். ஆகஸ்ட் 1 அன்று திறந்தால் ஜூலை 31-க்குத் தாவிவிடும். தினமும் மாறுவது மாதம் ஒருமுறை மாறுவதாகிறது, அவ்வளவே. சொல்லப்போனால் இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் சோதித்துப் பார்க்கும் வாரத்தில் எதுவும் நகராது. டெம்ப்ளேட்டில் AsOf செல்லுக்குப் பக்கத்தில் ஒரு நினைவூட்டலாக இதை வைத்திருக்கிறேன். நான் தட்டிய தேதியும் அது காட்டும் தேதியும் ஒன்றா என்று கண்ணால் ஒப்பிட மட்டும். அனுப்பும் பிரதியில் அதை அழித்துவிடுவேன்.

தேதியை உறைய வைத்ததும் வேறொரு ஓட்டை தெரிந்தது. ஜூலை 1 அன்று கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த பட்டியலில் அன்று போட்ட புது பில்லும் இருக்கும். ஜூன் 30-லிருந்து பார்த்தால் அதன் வயது -1. பழைய ஃபார்முலா 30-க்குக் குறைவா என்று மட்டும்தான் கேட்டது. -1-உம் 30-க்குக் குறைவுதானே, பேசாமல் முதல் கட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஜூன் 30 அன்று பிறக்கவே பிறக்காத பில் ஜூன் 30 நிலுவையில். TODAY இருந்த காலத்தில் வயது மைனஸில் போகவே போகாது என்பதால் இது தெரியவில்லை. கட்டம் பிரிக்கும் ஃபார்முலாவில் முதல் கேள்வியாக இதைச் சேர்த்தேன்:

```
=IF(D5<0,"பிறகு",IF(D5<=30,"0-30",
 IF(D5<=60,"31-60",IF(D5<=90,"61-90","90+"))))
```

இதன் மறுபக்கத்தை எக்செல்லில் சரிசெய்யவே முடியாது. ஒரு பில்லுக்கு ஜூலை 1 காலை பணம் வந்துவிட்டால், மதியம் எடுக்கும் நிலுவைப் பட்டியலில் அது இருக்காது. ஆனால் ஜூன் 30 அன்று அது பாக்கிதான். தேதியை எவ்வளவு கெட்டியாக உறைய வைத்தாலும் தரவு உறையாது. பட்டியலை எடுக்கும்போதே மென்பொருளில் ஜூன் 30 வரையிலான நிலவரம் என்று கேட்டு எடுக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் ஜூலையில் வந்த வரவுகளைத் தனியாக எடுத்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். மொத்தம் பேரேட்டின் ஜூன் 30 இருப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

அனுப்புவதற்கு முன் பைலில் வேறு எங்காவது TODAY ஒளிந்திருக்கிறதா என்று தேடுவேன். Ctrl+F, `Options` விரித்து, `Within` இடத்தில் `Workbook`, `Look in` இடத்தில் `Formulas`, தேட வேண்டியது `TODAY(`. பிறகு `NOW(`. செல்களில் இருப்பதெல்லாம் சிக்கிவிடும். கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் இருப்பது சிக்காது. என் பைலில் அப்படித்தான் ஒன்று தப்பியது. எல்லாம் சரிசெய்து அனுப்பிய பிறகும் சில வரிகள் நாளாக நாளாகச் சிவப்பாகிக்கொண்டே வந்தன. 60 நாள் தாண்டினால் நிறம் மாற்று என்ற விதியில் TODAY இருந்தது, எண் நின்றது, நிறம் நகர்ந்தது. `Manage Rules` திறந்து, அங்கேயும் AsOf என்று மாற்றினேன். `Name Manager`-ஐயும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு சோதனை: சேமித்து மூடி, மறுபடி திறந்து, எதையும் தொடாமல் மூடுவேன். சேமிக்கட்டுமா என்று கேட்டால் வோலடைல் ஏதோ இன்னும் இருக்கலாம். இது உறுதியான சாட்சி அல்ல. OFFSET இருந்தாலும் கேட்கும், வேறு பைலோடு லிங்க் இருந்தாலும் கேட்கும். ஆனால் கேட்காமல் மூடினால் மனசு நிம்மதி.

அச்சில் இன்னொரு பொறி இருக்கிறது. ஃபுட்டரில் `&[Date]` போட்டிருந்தால் அது அச்சடிக்கும் நாளின் தேதியைத்தான் போடும். பழைய ரிப்போர்ட்டை மறுபிரதி எடுத்தால் கீழே புதுத் தேதி வரும். அதைத் தப்பென்று சொல்ல முடியாது, அச்சடித்த நாள் என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும். நான் அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

கூகுள் ஷீட்ஸிலும் இதே கதைதான், அங்கே Ctrl+; அப்படியே வேலை செய்யும். கூடுதலாக ஒன்று: அங்கே TODAY பார்ப்பது உங்கள் கணினிக் கடிகாரத்தை அல்ல, அந்த ஷீட்டின் `Settings`-இல் உள்ள நேர மண்டலத்தை. வேறு மண்டலத்தில் உருவாக்கப்பட்ட ஷீட் என்றால் காலையில் சில மணி நேரம் நேற்றைய தேதியே காட்டலாம்.

TODAY கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இன்று யாருக்கு போன் போட்டுப் பணம் கேட்க வேண்டும் என்ற பட்டியல் தனியாக வைத்திருக்கிறேன், அதில் TODAY தான் இருக்கிறது. அந்தப் பைல் தினமும் மாற வேண்டும், மாறாவிட்டால்தான் கோளாறு. அதை யாருக்கும் அனுப்புவதில்லை.

மிச்சம் இருந்தவை பழைய பைல்கள். ஒவ்வொரு மாதமும் இதே முறையில் அனுப்பியவை. அவற்றில் எந்த அளவு தப்பு என்று பார்க்க, அனுப்பிய நாளில் என்ன காட்டியது என்று தெரிய வேண்டும், ஆனால் திறந்தாலே மாறிவிடுமே? இங்கேதான் Protected View கைகொடுத்தது. `Open` பெட்டியில் பைலைத் தேர்ந்தெடுத்து, `Open` பட்டன் பக்கத்து அம்புக்குறியில் `Open in Protected View` கொடுத்தால், கடைசியாகச் சேமித்தபோது வந்த விடைகள் அப்படியே தெரியும். எந்த நாளில் கணக்கு ஓடியது என்பதும் கிடைக்கும்: ஏதாவது ஒரு பில் தேதியோடு அது காட்டும் வயதைக் கூட்டினால் போதும். ஏப்ரல் 3-உடன் 89 கூட்டினால் ஜூலை 1.

மே மாதப் பைலை இப்படித் திறந்தேன். தலைப்பு மே 31. கூட்டிப் பார்த்தால் கணக்கு ஓடியது ஜூன் 4, நான்கு நாள் தள்ளி. மார்ச் 5 தேதியிட்ட ஒரு பில் அதில் 91 நாள் காட்டி, 90-க்கு மேல் கட்டத்தில் இருந்தது. மே 31 அன்று அதன் உண்மையான வயது 87. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அந்த வாடிக்கையாளருக்குக் கடன் சரக்கை நிறுத்தச் சொல்லி முடிவாகியிருந்தது. திருத்திய பைலையும் பழையதையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மத்த மாசங்களையும் இப்படியே எடுத்துட்டு வாங்க" என்றார்.